சுண்ணாம்பு நீர் முதலில், நெருப்பு அப்புறம்

ஒரு வாயுவை எப்படி அடையாளம் காண்பது என்று வேதியியல் படித்தவர்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஹைட்ரஜன் என்றால் எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' சத்தம். ஆக்சிஜன் என்றால் கங்கு மட்டும் இருக்கும் குச்சி மறுபடி பற்றிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். அம்மோனியா நெடியிலேயே தெரியும். நான்கு வரி, நான்கு மதிப்பெண். பாடப்புத்தகத்தின் இந்த அட்டவணையில் தவறு எதுவும் கிடையாது, ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனாலும் ஆய்வகத்தில் பிள்ளைகளோடு நிற்கும் எனக்கு இதன்மீது நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. வாயு எது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் இந்த அட்டவணை உதவுகிறது. பெயர் எழுதாத குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்டால், எந்தச் சோதனையை முதலில் செய்வது, அது பலிக்காவிட்டால் என்ன பொருள், ஒரு சோதனை அடுத்த சோதனையைக் கெடுக்குமா என்பதையெல்லாம் அட்டவணை சொல்வதில்லை.

நான்கு வாயு, நான்கு சோதனை என்றால் உண்மையில் பதினாறு கட்டங்கள் இருக்கின்றன. புத்தகம் நிரப்பித் தருவது அதில் நான்கைத்தான். அம்மோனியாவில் எரியும் குச்சியை விட்டால் என்ன ஆகும்? அணைந்துவிடும். அணைவதற்கு முன் சுடரைச் சுற்றி வெளிறிய மஞ்சள் நிறம் கொஞ்சம் விரியும், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். கார்பன் டை ஆக்சைடிலும் குச்சி அணையும். ஆக, 'குச்சி அணைந்தது' என்ற ஒரே பார்வையை வைத்துக் கார்பன் டை ஆக்சைடு என்று எழுத முடியாது. ஆனால் பாதி வகுப்பு அப்படித்தான் எழுதும், ஏனென்றால் மீதி பன்னிரண்டு கட்டங்களை அவர்களிடம் யாரும் பேசியதே இல்லை.

இரண்டு குழாயில் பால்

இது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு செய்முறை வகுப்பில். ஆய்வக உதவியாளர் அண்ணன் நான்கு சோதனைக் குழாய்களில் நான்கு வாயுக்களைப் பிடித்து, ரப்பர் அடைப்பான் போட்டு, எண் மட்டும் ஒட்டி வைத்திருந்தார். துத்தநாகத் துண்டும் நீர்த்த அமிலமும் சேர்த்து ஹைட்ரஜன், ஹைட்ரஜன் பெராக்சைடில் மாங்கனீஸ் டை ஆக்சைடு போட்டு ஆக்சிஜன், சலவைக்கல் துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக் கார்பன் டை ஆக்சைடு, நவச்சாரத்தையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து சூடாக்கி அம்மோனியா. எல்லாம் வழக்கமான முறைதான். ஒரு மாணவி நான்கையும் எடுத்துக்கொண்டு போனாள். முதலில் நான்கிலும் எரியும் குச்சியைக் காட்டினாள். ஒன்றாம் குழாயில் சத்தம். இரண்டில் குச்சி பளீரென்று எரிந்தது. மூன்றிலும் நான்கிலும் அணைந்தது. நான்காவதைத் திறந்ததுமே மூக்கில் ஏறிவிட்டதால் அது அம்மோனியா என்று ஒதுக்கிவிட்டாள். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. உறுதி செய்யலாம் என்று இரண்டிலும் மூன்றிலும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் ஊற்றி, அடைப்பானைப் போட்டுக் குலுக்கினாள்.

"டீச்சர், ரெண்டுலயும் பால் மாதிரி ஆயிடுச்சு. அப்போ ரெண்டுமே கார்பன் டை ஆக்சைடா? ஆனா ரெண்டாவதுல குச்சி நல்லா எரிஞ்சுதே."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பையன், "ஏய், ஆக்சிஜன்னு எழுதிட்டு சுண்ணாம்பு நீரை விட்டுடு" என்றான். மதிப்பெண்ணுக்கு அது சரியான யோசனை. அவள் எழுதாமல் நின்றாள். எனக்கு அந்தத் தயக்கம் மிகவும் பிடித்தது. அவள் கண்ணால் பார்த்ததில் பிழை இல்லை, இரண்டாவது குழாயில் உண்மையிலேயே கார்பன் டை ஆக்சைடு இருந்தது. கேள்வி, அது எப்போது உள்ளே வந்தது என்பதுதான்.

அண்ணனிடம் சொல்லி இன்னொரு குழாயில் புதிதாக ஆக்சிஜன் பிடித்தோம். இந்த முறை குச்சியைக் காட்டாமல் நேராகச் சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கச் சொன்னேன். தெளிவாகவே இருந்தது. அதே குழாயில், அதே சுண்ணாம்பு நீர் அடியில் இருக்கும்போதே, எரியும் குச்சியை மேலே சில நொடி பிடித்துவிட்டு மறுபடி மூடிக் குலுக்கினாள். பால். மரக்குச்சி எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடுதானே! குழாயில் முதலில் இருந்த வாயு எதுவாக இருந்தாலும் சரி, குச்சி எரிந்த பிறகு அது பழைய வாயு இல்லை. பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். எந்த வாயுவும் பிடிக்காத வெறும் குழாயில், அதாவது சாதாரணக் காற்றில், குச்சியை விட்டு அது அணையும்வரை வைத்திருந்து, சுண்ணாம்பு நீர் ஊற்றிக் குலுக்கினாள். அதிலும் வெள்ளை தெரிந்தது, கொஞ்சம் மெல்லியதாக. நெருப்புக்குப் பிறகு செய்யும் சுண்ணாம்பு நீர்ச் சோதனை எதையும் நிரூபிக்காது என்று நான் வாயால் சொல்வதற்கு முன்பே அவள் முடித்துவிட்டாள்.

ஒரு மில்லிலிட்டர் போதும்

சுண்ணாம்பு நீர் இவ்வளவு சுலபமாக ஏமாந்துபோவதற்குக் காரணம் அது மிக மெலிந்த கரைசல் என்பதே. கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் அதிகம் கரையாது. 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம், தண்ணீர் சூடாக ஆக அதைவிடவும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் நாம் ஊற்றும் 2 மில்லிலிட்டரில் இருக்கும் சுண்ணாம்பு மூன்றரை மில்லிகிராம்கூட இல்லை. அது முழுவதையும் கால்சியம் கார்பனேட்டாக, அந்த வெள்ளைத் துகளாக மாற்ற, ஒரு மில்லிலிட்டரைச் சற்றே தாண்டிய கார்பன் டை ஆக்சைடு போதும். சாதாரண சோதனைக் குழாய் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் பிடிக்கும். அதில் இருபதில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாக இருந்தாலே நல்ல பால் கிடைக்கும் என்றால், ஒரு குச்சி எரிந்து அணைவது எம்மாத்திரம். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் இருக்கிறது, அதனால்தான் குழல் வைத்து ஊதினாலும் வெளுக்கிறது. குழாய்க்கு மேல் குனிந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டே பார்க்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வேன்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது, அதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வெள்ளை வந்த பிறகும் கார்பன் டை ஆக்சைடு போய்க்கொண்டே இருந்தால், கால்சியம் கார்பனேட்டு கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரையத் தொடங்கும். குழாய் நிறைய, அதாவது 20 மில்லிலிட்டர் வாயு இருக்கும்போது 2 மில்லிலிட்டர் சுண்ணாம்பு நீர் ஊற்றிப் பலமாகக் குலுக்கினால், தேவைக்குப் பல மடங்கு வாயு உள்ளே இருக்கிறது. பால் வந்து, கண்ணெதிரே மங்கிவிடும். சுண்ணாம்பு நீரில் யாராவது தண்ணீர் கலந்து வைத்திருந்தால் சுத்தமாகத் தெளிந்தேவிடும். குலுக்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை 'மாற்றமில்லை' என்று எழுதும். நல்ல கெட்டியான சுண்ணாம்பு நீராக இருந்தால் எவ்வளவு வாயு விட்டாலும் முழுக்கத் தெளியாமல் கொஞ்சம் கலங்கலாகவே நிற்கும், ஏனென்றால் அவ்வளவு பைகார்பனேட்டை அந்தத் தண்ணீரால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. புத்தகத்தில் 'அதிக அளவு செலுத்தினால் பால் நிறம் மறையும்' என்று படித்துவிட்டு, மறையவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்குச் சம அளவு தண்ணீர் கலந்து மறுபடி செய்யச் சொல்கிறேன். தெளிந்த கரைசலைக் கொதிக்க வைத்தால் வெள்ளை திரும்பி வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சந்தேகம் வந்தால் முதலில் சுண்ணாம்பு நீரைச் சோதியுங்கள். மூடாமல் வைத்த பாட்டிலில் மேலே ஓர் ஏடு படியும், அது காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு செய்த வேலை. சில நாளில் சுண்ணாம்பு தீர்ந்து வெறும் தண்ணீராகிவிடும். கொஞ்சத்தைத் தனியாக எடுத்துக் குழல் வைத்து ஊதிப் பார்த்து, வெளுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பையே தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்பதை அசைக்காமல் இறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சலவைக்கல்லில் கெட்டியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டு வாயுவை நேராகச் சுண்ணாம்பு நீரில் விட்டால், கூடவே வரும் அமில ஆவி அந்தச் சிறிதளவு சுண்ணாம்பைத் தின்றுவிடும், பால் வரவே வராது. நீர்த்த அமிலம் போதும், நடுவில் தண்ணீர் வைத்த ஒரு குழாய் வழியாக வாயுவைக் கடத்தினால் இன்னும் நல்லது.

சத்தம் வராத ஹைட்ரஜன்

ஹைட்ரஜன் குழாயில் வேறு விதமான ஏமாற்றம். நன்றாக, பொறுமையாக, காற்று துளியும் கலக்காமல் வாயு பிடித்த பிள்ளைக்குத்தான் சத்தம் சரியாக வராது. சத்தம் போடுவது ஹைட்ரஜன் மட்டும் இல்லை, ஹைட்ரஜனும் காற்றும் கலந்த கலவை. இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் வேண்டும், காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் ஹைட்ரஜன் இருக்கும்போதுதான் வெடிப்பு மிக நன்றாக இருக்கும். குழாயில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் நிரப்பி, மீதி காற்றாகவே விட்டு, தண்ணீரை ஹைட்ரஜனால் வெளியேற்றினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும் சத்தம் வரும். முழுக் குழாயும் சுத்த ஹைட்ரஜன் என்றால் வாயில் ஒரு சின்ன 'பக்', அப்புறம் சுடர் சத்தமில்லாமல் குழாய்க்குள் மேலே ஏறும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. குழாயின் உள்சுவரில் பனிபோல் நீர் படிவதை வைத்துத்தான் எரிந்தது என்று சொல்ல முடியும், அதுவும் குழாய் உலர்ந்ததாக இருந்தால் மட்டும். அமைதியாக எரிந்ததால் ஹைட்ரஜன் இல்லை என்று எழுதிய விடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அமைதிக்கு ஒரு முக்கியமான உபயோகம் உண்டு. வாயு வரும் கண்ணாடிக் குழல் முனையில் நேராக நெருப்பு வைக்கவே கூடாது. உள்ளே காற்று மிச்சமிருந்தால் சுடர் பின்னோக்கி ஓடிக் குடுவையையே உடைத்துவிடும். சின்னச் சின்னக் குழாய்களில் வாயு பிடித்து, தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் வரும்வரை காற்று இருக்கிறது என்று பொருள். பெயர் தெரியாத குழாயைத் திறக்கும்போது இன்னொரு கவனம் தேவை. ஹைட்ரஜன் காற்றைவிட ஏறக்குறைய பதினான்கு மடங்கு லேசானது, வாய் மேல்நோக்கி இருக்கும்படி அடைப்பானை எடுத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினால் அதற்குள் அது போய்விட்டிருக்கும். கார்பன் டை ஆக்சைடு இதற்கு நேர்மாறு, கனமானது, தலைகீழாகப் பிடித்தால் வழிந்துவிடும். எது என்று தெரியாதபோது குழாயைக் கிடையாகப் பிடித்து, குச்சியை முதலிலேயே பற்றவைத்துக்கொண்டு, திறந்த உடனே காட்ட வேண்டும்.

மூக்கு

அம்மோனியாவுக்கு மூக்கே போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். போதும்தான், ஆனால் மூக்கைக் குழாய் வாயில் வைக்கக் கூடாது, கையால் விசிறித் தொலைவிலிருந்து கொஞ்சமாக முகர வேண்டும். நன்றாக இழுத்த பிள்ளைக்குக் கண்ணில் நீர் வழியும், தொண்டை எரியும், அதன்பிறகு கொஞ்ச நேரம் அந்த மூக்கு எதற்கும் ஆகாது. நம் பள்ளிகளில் கங்குக் குச்சிக்குப் பதில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பது வழக்கம். ஆக்சிஜனுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அந்த மேசையில் வைத்து மெல்லிய நெடியைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைத்தான் நம்புகிறேன். குழாயின் வாயருகே பிடித்தால் நீலமாகும். நனைக்காமல் பிடித்தால் ஆகாது, அம்மோனியா தண்ணீரில் கரைந்து காரமாக மாறினால்தான் தாளுக்கு அது தெரியும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் வரும் அடர்ந்த வெண்புகையும் நல்ல சான்று. ஆனால் அதே மேசையில் அமிலப் பாட்டில் திறந்திருந்தால் யார் குழாயிலிருந்து எது வந்தது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் புகையும்.

அம்மோனியாவைத் திறக்காமலே சந்தேகிக்க ஒரு வழியும் இருக்கிறது. ஒரு பங்கு தண்ணீரில் சுமார் 700 பங்கு அம்மோனியா கரையும், அதனால் அதைத் தண்ணீருக்கு மேல் பிடிக்கவே முடியாது. மற்ற மூன்றையும் தண்ணீரை வெளியேற்றிப் பிடித்திருந்தால் அந்தக் குழாய்களின் உள்சுவரில் துளிகள் இருக்கும், அம்மோனியாக் குழாய் மட்டும் உலர்ந்திருக்கும். ஒரு பையன் அடைப்பானைத் தொடுவதற்கு முன்பே இதைச் சொன்னான். எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

பிரீஸ்ட்லிக்கு வந்த சந்தேகம்

அந்த மாணவியின் தயக்கம் புதியது இல்லை. 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, இங்கிலாந்தில் செந்நிற மெர்க்குரி ஆக்சைடை ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளி குவித்துச் சூடாக்கி, வந்த வாயுவில் மெழுகுவத்தியை வைத்தார். சுடர் மிக வேகமாக எரிந்தது. இன்று நாம் உடனே ஆக்சிஜன் என்று சொல்லிவிடுவோம். அவர் சொல்லவில்லை, ஏனென்றால் மெழுகுவத்தியை அப்படி எரியவைக்கும் வேறொரு வாயுவை அவரே அதற்கு முன்பு தயாரித்திருந்தார். இன்று நாம் நைட்ரஸ் ஆக்சைடு என்று சொல்வது அதைத்தான், கங்குக் குச்சியை அதுவும் பற்றவைக்கும். அதனால் புதிய வாயுவைத் தண்ணீரோடு குலுக்கிப் பார்த்தார். பழையது தண்ணீரில் கணிசமாகக் கரையக்கூடியது, இது கரையவில்லை. அப்படியும் திருப்தி இல்லை. மறு வருடம் மார்ச் மாதம் ஒரு எலியை அதற்குள் விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரம் தாங்கக்கூடிய எலி அரை மணி நேரம் இருந்தது, வெளியே எடுத்து நெருப்பருகே வைத்ததும் தெளிந்து எழுந்தது. சுடர் ஒன்றை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காமல் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். நம் பிள்ளைகளிடம் ஆக்சிஜன் என்று எழுதுவதற்கு நாம் கேட்பது ஒரு ஊதுபத்திதான், நான்கில் ஒன்று என்று முன்பே சொல்லிவிட்டதால் மட்டுமே அது போதுமானதாகிறது. சுண்ணாம்பு நீரும் அப்படியே. கந்தக டை ஆக்சைடும் அதைப் பால்போல் ஆக்கும், மூச்சை அடைக்கும் நெடியால் அதைப் பிரித்தறியலாம்.

இப்போது நான் செய்யும் முறை

அந்த வகுப்புக்குப் பிறகு ஒவ்வொரு வாயுவையும் இரண்டு குழாயில் பிடித்துத் தரச் சொல்கிறேன், ஒன்று சுண்ணாம்பு நீருக்கு, ஒன்று நெருப்புக்கு. முதலில் நனைத்த சிவப்பு லிட்மஸும் கையால் விசிறிய நெடியும், ஏனென்றால் இவை இரண்டும் வாயுவைச் செலவழிப்பதில்லை. நீலமானால் அந்த ஜோடி ஒதுங்கிவிடும். அடுத்து மீதியுள்ளவற்றின் ஒரு குழாயில் சுண்ணாம்பு நீர், மெதுவாகச் சாய்த்து முதல் சில நொடிகளைக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். கடைசியில்தான் இரண்டாவது குழாய்களில் எரியும் குச்சி. அணைந்தால் சுண்ணாம்பு நீர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, பளீரென்று எரிந்தால் உடனே வெளியே எடுத்துச் சுடரை ஊதி அணைத்து, கங்கோடு மறுபடி விடுவது. எரிந்த குழாயில் அதற்குப் பிறகு எதையும் ஊற்றக் கூடாது.

கூடவே ஐந்தாவதாக ஒரு ஜோடியும் வைக்கிறேன், சொல்லாமல். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் தலைகீழாக இரண்டு மூன்று நாள் நிற்க வைத்தால், இரும்பு துருப்பிடித்து உள்ளேயிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறும். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி நைட்ரஜன். அதை வேறு குழாய்க்கு மாற்றி அடைத்து வைத்தால், லிட்மஸ் மாறாது, நெடி இல்லை, சுண்ணாம்பு நீர் தெளிவாகவே இருக்கும், குச்சி மட்டும் அணையும். இதற்கு அட்டவணையில் வரி கிடையாது. பலர் குச்சி அணைந்ததை வைத்துக் கார்பன் டை ஆக்சைடு என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். சிலர் 'நான்கில் எதுவும் இல்லை, எரியவும் இல்லை, எரியவிடவும் இல்லை' என்று பார்த்ததை அப்படியே எழுதிப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். நான் முழு மதிப்பெண் போடுவது அவர்களுக்குத்தான்.